பஸ் ஸ்டிரைக்: நண்பரின் ஷிப்டையும் நீங்களே பார்க்கலாமா?

"பஸ் ஓடல மச்சி, இன்னைக்கு என் ஷிப்டையும் பார்த்துக்கோ." சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கும் உங்களுக்கு இப்படி ஒரு போன் வந்தால்?

இருவருக்கும் 8 மணி நேர ஷிப்ட் என்றால் மொத்தம் 16 மணி நேரம். ஆனால், 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஓவர்டைம் சேர்த்தே ஒரு நாளைக்கு 10 மணி நேரம்தான் உச்சவரம்பு, வாரத்துக்கு 54. ஆக, "2 மணி நேரம் இருக்கேன்டா, மீதிக்கு மேனேஜர்கிட்ட பேசு" என்பதே சரியான பதில்.

அந்த 2 மணி நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் உண்டு. ஆனால், உங்களுக்குள் மட்டும் பேசி முடித்தால் அது கணக்கில் ஏறாமல் போகலாம். மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் சொல்லி, 'ஓகே' வாங்கிய பிறகே தொடருங்கள்.