இன்னு அவதி, நாளெ துறக்கும்

போன சனிக்கிழமை ஈப்போவிலிருந்து என் அக்காள் மகன் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். லிட்டல் இந்தியாவில் ஒரு கேரளச் சாப்பாட்டுக்கடை. கதவு இழுத்து மூடியிருக்கிறது. அதில் ஒட்டிய தாளில் மலையாள எழுத்தில் இரண்டே சொல். பையன் மலையாளப் படப் பைத்தியம். யூடியூப் பார்த்து எழுத்துக் கூட்டும் அளவுக்குக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

“மாமா, கூட்டிப் படிச்சிட்டேன். ‘இன்னு அவதி’ன்னு போட்டிருக்கு. பாவம், வீட்ல என்ன கஷ்டமோ தெரியல” என்று கீழே எழுதியிருந்தான்.

சிரித்துவிட்டேன். ஆனால் அவனைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அதே வரியைப் படித்து ஒரு லயத்தையே கலக்கியவன் நான்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். இன்று அங்கே போனால் செம்பனைதான். லயமும் இல்லை, பிரட்டுக்களமும் இல்லை. அப்போது தோட்டத்து முனையில் ஒரு மலையாளி சாமான் கடை வைத்திருந்தார். எங்கள் தோட்டங்களில் மலையாளிகள் என்றால் பலருக்கும் கிராணி ஐயாக்கள்தான் ஞாபகம் வரும். பால்வெட்டியவர்களும் கடை வைத்தவர்களும் இருந்தார்கள். மலபார் மாவட்டம் 1956 வரை சென்னை ஆட்சிக்குள்தானே இருந்தது. தஞ்சாவூர்க்காரரும் ஒற்றப்பாலத்துக்காரரும் அடுத்தடுத்த கதவில் குடியிருந்தது அப்படித்தான்.

அவரைப் பெரியவர் சிறியவர் எல்லாரும் ‘சேட்டன்’ என்றுதான் கூப்பிடுவோம். பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம். எழுத்து மட்டும் தமிழ். கடன் புக்கில் எங்கள் பெயர்களை எழுதி எழுதியே தமிழ் எழுத்தைப் பழகிக்கொண்டவர். கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரிந்த எழுத்தும் அதுதான். அதனால் மலையாளத்தில் நினைத்ததையும் தமிழ் எழுத்திலேயே எழுதுவார். விவகாரம் அங்கேதான் ஆரம்பித்தது.

1972-ஆம் ஆண்டு, நான் நான்காம் வகுப்பு. பள்ளி விட்டு வந்தால் கடை பூட்டிக் கிடக்கிறது. தீபாவளி இல்லை, தைப்பூசம் இல்லை, சாதாரணக் கிழமை. பலகையில் ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்து ஒட்டியிருந்தார்:

இன்னு அவதி
நாளெ துறக்கும்

பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. “என்னடா போட்டிருக்கு?” என்றார். நான் வகுப்பில் முதல் மாணவன். பிழையைத் திருத்தி வாசிப்பதில் பெருமை. ‘இன்னு’வில் ஒரு ‘ம்’ விட்டுப்போயிருக்கிறது என்று நானே சேர்த்துக்கொண்டேன். “இன்னும் அவதி. நாளை துறக்கும்” என்றேன்.

“எதடா துறக்கும்?”

அதுதான் அட்டையில் இல்லை. வாத்தியார் சொல்லித்தந்ததில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முனிவர்கள் இல்லறத்தைத் துறப்பார்கள், வீரர்கள் உயிரைத் துறப்பார்கள். பாட்டியின் முகம் மாறிவிட்டது. கடையில் கடன் நிற்கிற வீடுகள் அவருக்குத் தெரியும். சேட்டனுக்கு வெளியே எவ்வளவு வரவேண்டியிருக்கிறது என்பதும் தெரியும். அந்த வருடம்தான் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் கடன் தொல்லையில் புல்லுமருந்தைக் குடித்திருந்தார்.

பின்பக்கம் போய்க் கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. சேட்டனும் இல்லை, அவர் மனைவியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. சாயங்காலத்துக்குள் லயமே கடைவாசலில். ஒரு வீட்டில் சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேர் பாக்கிப் பணத்தில் பாதியை முடிச்சில் கொண்டுவந்து நின்றார்கள். தண்டல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் பார்க்கப் போனார்.

ஏழு மணி பஸ்ஸில் சேட்டன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். புது வேட்டி. கையில் வாழைக்காய் வறுவல் பொட்டலம், பாயசத் தூக்கு. வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் கடை எரிந்துவிட்டது என்று நினைத்து அவர்தான் அலறினார். “எந்தா? எந்தா?” பாட்டி அட்டையைக் காட்டி, எங்களை விட்டுப் போகலாமா என்று அழுதார். அவர் அட்டையையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். “ஓணம் அல்லே! அவதி! லீவு, லீவு! நாளெக்கு கடெ தொறக்கும்!”

‘தொறக்கும்’ என்று அவர் வாயால் சொன்ன உடனே பாட்டிக்குப் புரிந்துவிட்டது. ஏனென்றால் நாமும் பேச்சில் “கதவைத் தொற” என்றுதான் சொல்கிறோம். எழுதும்போதுதான் ‘திற’ என்று மாற்றிக்கொள்கிறோம். மலையாளத்தில் எழுத்திலும் அது ‘துறக்கும்’தான். எழுத்துத் தமிழிலோ அந்த உருவம் ஏற்கெனவே துறவுக்குப் போய்விட்டது. ‘இன்னு’வும் அப்படியே. நம்முடைய ‘ன்று’ அங்கே ‘ன்னு’. ஒன்று ஒன்னு, கன்று கன்னு, இன்று இன்னு. இதையும் பேச்சில் நாம் பாதி செய்கிறோம், ‘ஒன்னு’ என்கிறோம். ஆக, படிக்காத பாட்டி காதால் கேட்டிருந்தால் இரண்டு சொல்லை விளங்கிக்கொண்டிருப்பார். படித்த நான் எழுத்தைப் பார்த்து ஏமாந்தேன். (அந்த ‘ம்’மைச் சேர்த்ததற்கு அன்றிரவு காதுதிருகல் கிடைத்தது தனிக் கதை.)

‘அவதி’ வேறு ரகம். அது வடமொழிச் சொல், எல்லை, கெடு என்று பொருள். மலையாளம் அந்த வழியிலேயே நடந்தது. குறித்த நாள் அவதி. நீதிமன்றத்தில் வழக்கை வேறு நாளுக்குத் தள்ளிவைத்தால் அது அவதிக்கு வைப்பது. அங்கிருந்து விடுப்பும் அவதி, விடுமுறையும் அவதி. கோடை விடுமுறை அங்கே ‘வேனல் அவதி’. மழை கொட்டுகிற நாளில் ‘பள்ளிகளுக்கு இன்னு அவதி’ என்று செய்தி வந்தால் அங்குள்ள பிள்ளைகள் துள்ளுவார்கள். தமிழிலும் பழைய அகராதிகளைப் புரட்டினால் எல்லை, காலவரை என்ற பொருள் இருக்கிறது. சமணர்கள் சொல்லும் அவதி ஞானம், ஓர் எல்லைவரை எட்டிப் பார்க்கிற அறிவு. ஆனால் நம் வாயில் இன்று தங்கியிருப்பது துன்பம் மட்டும்தான்.

இதில் எழுத்தின் குற்றமும் உண்டு. மலையாளத்தில் த வரிசைக்கு நான்கு எழுத்து. இந்தச் சொல்லில் வருவது நான்காவது, மூச்சை அழுத்தி விடுகிற ஒலி. கேட்டால் நம் ‘அவதி’யைவிடக் கனமாக விழும். சேட்டன் அதைத் தமிழில் எழுதும்போது நான்குக்கும் ஒரே ‘த’தான் கிடைத்தது. என் மருமகன் மலையாள எழுத்திலேயே பார்த்தும் அதை நம் ‘த’வாகவே கூட்டிவிட்டான்.

இப்படி வேறுபடுகிற சொற்களில் தூய தமிழ்ச்சொற்கள் அவ்வளவாக ஆளைக் கவிழ்ப்பதில்லை. வெள்ளம் என்றால் அங்கே குடிதண்ணீர் என்பது ஒருமுறை சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். இரண்டு மொழியும் வடமொழியிலிருந்து எடுத்துத் தனித்தனியாக வளர்த்த சொற்கள்தான் உபத்திரவம். மருமகனே இன்னொன்று சொன்னான். கொச்சியிலிருந்து வந்து அவனோடு வேலை செய்கிற நண்பர், ‘அவசரம் கிட்டியால் விளிக்காம்’ என்று செய்தி அனுப்பியிருக்கிறார். இவன் ஏதோ அவசரம் என்று இரவெல்லாம் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருக்கிறான். மலையாளத்தில் அவசரம் என்பது வாய்ப்பு, சந்தர்ப்பம். நேரம் கிடைத்தால் கூப்பிடுகிறேன் என்றுதான் அவர் சொன்னார். கேரளத்தில் ஒரு கடையில் ‘தொழில் அவசரம்’ என்று அறிவிப்பு இருந்தால் வேலைக்கு ஆள் தேவை என்று பொருள். ஓடத் தேவையில்லை. நம் அவசரத்துக்கு அவர்கள் சொல்வது ‘அடியந்திரம்’. செத்தவர் வீட்டுச் சடங்குக்கும் அதே சொல் உண்டு என்பதால் அதையும் பார்த்துத்தான் கையாள வேண்டும்.

மருமகனிடம் இதையெல்லாம் சொன்னேன். சிரித்தான். அடுத்ததை அவனிடம் சொல்லவில்லை.

ஓணம் கலாட்டா நடந்து இரண்டு வருடம் இருக்கும். சேட்டனுக்கு ஊரிலிருந்து தந்தி வந்தது. அவருடைய அம்மா போய்விட்டார். கப்பலேறிப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், அதனால் அவர் போகவில்லை. எங்களுக்கு அது தெரியாது. நானும் இரண்டு பையன்களும் மண்ணெண்ணெய் வாங்கப் போனோம். அளந்து ஊற்றும்போது கை நடுங்கி வெளியே சிந்தியது. “என்ன சேட்டா?” என்றோம்.

“மனசினு வல்லாத்த விஷமம், குட்டிகளே” என்றார்.

விஷமம் என்றால் எங்களுக்கு விஷமத்தனம், சேட்டை. வாத்தியார் எங்களைத் திட்டுகிற சொல். இந்த வயதில் சேட்டனுக்கு மனசில் விஷமமாம்! மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒருவன் அதைத் திரும்பச் சொல்லி நடித்தும் காட்டினான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

அந்தச் சொல்லுக்கு மூலத்தில் மேடுபள்ளம் என்று பொருள், சமமாக இல்லாதது. நாம் அதைக் குறும்பாக்கினோம். அவர்கள் அதைக் கஷ்டமாக்கினார்கள், துக்கமாக்கினார்கள். கேரளத்தில் ஒருவர் ‘எனிக்கு விஷமமுண்டு’ என்றால் மனம் நொந்திருக்கிறார் என்று அர்த்தம். இதில் காதும் உதவாது. ஒலி ஒன்றேதான். ‘அவதி’யில் கனமான எழுத்தாவது இருக்கிறது, ‘துறக்கும்’ பேச்சில் நம்முடையதாகவே ஆகிவிடுகிறது. விஷமத்துக்கு அவர் முகத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும். பதினொன்று பன்னிரண்டு வயதில் நாங்கள் மண்ணெண்ணெய் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று அவர் கடையை மூடவில்லை. அட்டை எதுவும் ஒட்டவில்லை. பெரிய கிராணியின் வீட்டிலிருந்து விஷயம் லயத்துக்கு வர மூன்று நாளானது. பாட்டி சோற்றைத் தூக்கில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு என்னையும் கையைப் பிடித்து இழுத்துப் போனார். கடைக்குள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, “அம்மா பேர் என்னய்யா?” என்று கேட்டார். அவர் பெயரைச் சொன்னார், பிறகு மலையாளத்திலேயே நிறையச் சொன்னார். பாட்டிக்கு எவ்வளவு புரிந்ததோ, நடுவில் எதுவும் கேட்கவில்லை. நான் எண்ணெய் டின்னுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.