வியூஸ் 6 லட்சம்... காசு வந்தது எத்தனை வியூஸுக்கு?

சினிமா பாட்டையும் பின்னணி இசையையும் அலசுகிற யூடியூப் சேனல்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு புலம்பல் கட்டாயம் வரும். "வியூஸ் நல்லாத்தான் போகுது, ஆனா ஆர்பிஎம் பாதியா விழுந்துடுச்சு. யூடியூப்ல இப்போ காசே இல்ல!" பல நேரங்களில் விளம்பரத்தின் விலை குறைந்திருக்காது. பார்வை எண்ணிக்கை ஒரு கணக்கிலும் வருமானம் இன்னொரு கணக்கிலும் ஓடியிருக்கும், அவ்வளவுதான்.

ஆர்பிஎம் என்பது, யூடியூப் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, ஆயிரம் வியூஸுக்கு கிரியேட்டர் கையில் சேரும் தொகை. அந்த ஆயிரத்தில் விளம்பரமே ஓடாத வியூஸும் அடக்கம். விளம்பரம் ஓடியும் பணம் வேறொருவருக்குப் போன வியூஸும் அடக்கம். மொத்த வருமானத்தை மொத்த வியூஸால் வகுக்கும்போது இவை எல்லாம் கலந்து ஒரே எண்ணாக வந்து நிற்கின்றன. சமையல் சேனலுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. பாட்டு நிறைந்த வீடியோவுக்கு இதுதான் தலைவலி.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு படத்தின் பாடல்களை அலசும் 14 நிமிட வீடியோ. நடுநடுவே பாடல்களின் சிறு துண்டுகள் வருகின்றன. முதல் 30 நாட்களில் 6 லட்சம் வியூஸ்.

வெள்ளிக்கிழமை மாலை வீடியோ வெளியாகிறது. ஒரு பாட்டில் குடியும் கத்திச்சண்டையும் இருப்பதால், யூடியூபின் தானியங்கிச் சோதனை மஞ்சள் டாலர் குறியைப் போட்டுவிடுகிறது. விளம்பரம் மிகக் குறைவாக ஓடும் அல்லது ஓடவே ஓடாது என்று அர்த்தம். மனிதர்கள் பரிசீலிக்க வேண்டும் என்று கிரியேட்டர் விண்ணப்பிக்கிறார். மூன்றாம் நாள் குறி பச்சையாகிறது. ஆனால், சூடு பறக்கிற அந்த முதல் 2 நாளிலேயே 2 லட்சம் வியூஸ் போய்விட்டது. ஆயிரத்துக்கு 8 ரூபாய் என்று வைத்தால் கிடைத்தது 1,600 ரூபாய். அதிலும் கணிசமான பங்கு, விளம்பரமில்லாமல் பார்க்கும் பிரீமியம் சந்தாதாரர்கள் வழியாக வந்ததாக இருக்கலாம். மஞ்சள் குறி அதைத் தடுப்பதில்லை.

3-ம் நாளிலிருந்து 9-ம் நாள் வரை பச்சை. 2.5 லட்சம் வியூஸ், ஆயிரத்துக்கு 60 ரூபாய் வீதம் 15,000 ரூபாய். 10-ம் நாள் இசை நிறுவனத்தின் காப்புரிமை கிளைம் வந்து விழுகிறது. மீதி 1.5 லட்சம் வியூஸுக்கு கிரியேட்டருக்கு வந்தது பூஜ்யம்.

மொத்தம் 16,600 ரூபாய். 6 லட்சத்துக்கு வகுத்தால் ஆர்பிஎம் சுமார் 28 ரூபாய். ஆனால், இந்த வீடியோ ஒரு நாள்கூட 28 ரூபாய்க்கு ஓடவில்லை! 8-க்கு ஓடியது, 60-க்கு ஓடியது, சும்மா ஓடியது. அந்த 28-ஐப் பார்த்து "இசை வீடியோவுக்கு மார்க்கெட் இல்ல" என்று சேனலின் போக்கையே மாற்றுவதும், விளம்பரதாரரிடம் ஸ்பான்சர் தொகையைக் குறைத்துக் கேட்பதும் தவறான எண்ணை நம்பி எடுக்கிற முடிவுகள்.

வெளியாகி 10 நாள் கழித்து ஏன் கிளைம் வருகிறது? கன்டென்ட் ஐடி என்ற அமைப்பில் உரிமையாளர்கள் தங்கள் ஒலி, ஒளியைப் பதிந்து வைக்கிறார்கள். புதிதாக ஏறும் வீடியோக்களை மட்டுமல்ல, ஏற்கெனவே இருப்பவற்றையும் அது சலிக்கும். பாட்டு தாமதமாகப் பதியப்பட்டால் கிளைமும் தாமதமாக வரும். ஆட்கள் பார்த்துக் கையால் போடும் கிளைமும் உண்டு. பொருந்திய வீடியோவை என்ன செய்வது என்பதை உரிமையாளர்தான் முடிவு செய்கிறார்: முடக்கலாம், விளம்பரப் பணத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம், அல்லது பார்வை விவரத்தை மட்டும் கவனிக்கலாம். இரண்டாவது வழியில் பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. "அதான் இவ்வளவு விளம்பரம் வருதே, நல்லா சம்பாதிக்கிறார்" என்று கமென்ட் போடுபவருக்கு, அந்தக் காசு யாருக்குப் போகிறது என்று தெரிய வழியில்லை.

நாடு வாரியாக முடக்கும்போது குழப்பம் இன்னும் கூடும். தமிழ் வீடியோவுக்கு அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற நாடுகளிலிருந்து வரும் வியூஸ் எண்ணிக்கையில் சிறியது. ஆனால், அங்கே விளம்பர விலை அதிகம். அங்கு மட்டும் முடக்கினால் மொத்த வியூஸ் கொஞ்சம்தான் சரியும், வருமானம் அதைவிட வேகமாகச் சரியும். யூடியூப் ஸ்டூடியோவில் நாடு வாரியான புள்ளிவிவரத்தைத் திறந்தால், ஒரு நாடு குறிப்பிட்ட தேதியிலிருந்து காணாமல் போயிருப்பது கண்ணில் படும்.

கிளைமை மறுப்பதாக இருந்தால் 5 நாள் என்ற கெடுதான் முக்கியம். கிளைம் விழுந்த 5 நாட்களுக்குள் மறுத்தால், முதல் நாளிலிருந்தே அந்தப் பணம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும். அதற்குப் பிறகு மறுத்தால், மறுத்த நாளிலிருந்துதான் நிறுத்திவைப்பார்கள்; அதற்கு முந்தையது கைவிட்டுப் போன மாதிரிதான். பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள் உண்டு. இழுபறி முடியும்வரை அந்தத் தொகை கிரியேட்டரின் வருமானக் கணக்கில் தெரியாது. மேலே சொன்ன உதாரணத்தில் 12-ம் நாள் மறுத்து ஜெயித்தால், 1.5 லட்சம் வியூஸுக்கு அதே 60 ரூபாய் வீதத்தில் சுமார் 9,000 ரூபாய் திரும்பும். ஆர்பிஎம் 43 ரூபாயை நெருங்கும். அதுவரை ஸ்டூடியோ காட்டும் எண் பாதிக் கதைதான்.

எல்லாவற்றையும் மறுத்துவிடலாம் என்றும் இல்லை. கிளைம் வேறு, ஸ்டிரைக் வேறு. கிளைமால் சேனலுக்கு ஆபத்தில்லை. ஆனால், நியாயமில்லாமல் மறுத்து, மேல்முறையீடு வரை போனால், உரிமையாளர் வீடியோவை நீக்கக் கோரலாம். அது ஸ்டிரைக்கில் முடியும். "10 விநாடிக்குள்ள போட்டா ஒண்ணும் ஆகாது" என்பதும் கட்டுக்கதை, அப்படியொரு விதியே கிடையாது. விமர்சனத்துக்காகப் படைப்பைப் பயன்படுத்த இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. பாட்டை ஓடவிட்டுத் தலையாட்டுவது விமர்சனம் ஆகாது. 1847-ல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனையை ஒருவர் சொந்தக் குரலில் பாடி, அது ஏதோவொரு பழைய ஒலிப்பதிவோடு பொருந்துவதாகக் கிளைம் வந்தால் தாராளமாக மறுக்கலாம். பாட்டு பொதுச் சொத்து. குறிப்பிட்ட ஒலிப்பதிவு மட்டுமே ஒருவருக்கு உரியதாக இருக்க முடியும்.

மறுக்க வலுவில்லை என்றால், அந்தத் துண்டை மட்டும் வெட்டவோ பாட்டை மௌனமாக்கவோ ஸ்டூடியோவிலேயே வழி இருக்கிறது. லிங்க் மாறாது, வியூஸும் அப்படியே இருக்கும். நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

ஸ்டூடியோவின் வீடியோ பட்டியலில் Restrictions என்ற பத்தியில் Copyright என்று இருக்கிறதா, எந்தத் தேதியில் வந்தது என்று குறித்துக்கொண்டு, டாலர் குறி மாறிய நாளையும் சேர்த்து, வருமானத்தை அந்தத் தேதிகளில் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பதே சரியான கணக்கு. பச்சையாக, கிளைம் இல்லாமல் ஓடிய நாட்களின் ஆர்பிஎம்தான் அந்த வீடியோவின் உண்மையான விலை. வீடியோவைப் பொதுவில் விடும் முன் ஒரு நாள் பிரைவேட்டாக ஏற்றி வைத்தால், மஞ்சள் குறியும் உடனடிக் கிளைம்களும் முன்கூட்டியே தெரிந்துவிடும். 10-ம் நாள் வரும் கிளைமை மட்டும் அப்படிப் பிடிக்க முடியாது.