பால்கனி விழுந்தால் 'எனக்குத் தெரியாது' என்று ஓனர் தப்பிக்க முடியுமா?

தருமபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைத்தெருவானாலும், அரூர், பாலக்கோடு கடைவீதிகளானாலும் ஒரே காட்சிதான். கீழே கடை, மேலே ரோட்டுக்கு மேல் நீண்டிருக்கும் பழைய பால்கனி, அதன் கைப்பிடிச் சுவரில் பெரிய போர்டு. அதிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து கீழே போகிறவர் தலையில் விழுந்தால், கட்டட உரிமையாளர் வழக்கமாகச் சொல்வது: "பார்க்க நல்லாத்தாங்க இருந்துச்சு, இப்படி விழும்னு யாருக்குத் தெரியும்?"

இந்தப் பதில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1966-லேயே சொல்லிவிட்டது.

மணிக்கூண்டு வழக்கு

டெல்லி சாந்தினி சவுக்கில் நகராட்சிக்குச் சொந்தமான மணிக்கூண்டு 1951-ல் இடிந்து விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். கட்டடத்தின் வயது சுமார் 80. அதில் பயன்படுத்திய சாந்துக்கு 40, 45 ஆண்டுதான் ஆயுள் என்று பொறியாளர் சாட்சி சொன்னார். இடிபாடுகளில் சாந்து பிடிமானமே இல்லாமல் பொடியாகக் கிடந்தது.

வெளியே பார்த்தால் பழுது தெரியவில்லை என்று நகராட்சி வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. பொதுவழியை ஒட்டிக் கட்டடம் வைத்திருப்பவர் அதைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும்; பழுது வெளியே தெரிந்தாலும் உள்ளே மறைந்திருந்தாலும் பொறுப்பு அவருடையதே என்றது. ஆகவே, 'விழும் என்று தெரியுமா' என்பதல்ல கேள்வி. 'கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?' என்பதுதான்.

மழை பெய்தால்?

'மழையில விழுந்துச்சு, கடவுள் செயல்' என்பது அடுத்த சாக்கு. மத்தியப் பிரதேசத்தில் 2.66 அங்குல மழையில் சுவர் இடிந்து இரண்டு குழந்தைகள் இறந்த வழக்கில், மழைக்காலத்தில் மழை பெய்வது எதிர்பார்த்ததுதான் என்று அந்த மாநில உயர் நீதிமன்றம் 1958-ல் இதைத் தள்ளியது. பெரிய நிலநடுக்கம் போல யாராலும் எதிர்பார்க்கவோ தடுக்கவோ முடியாத காரணம் என்றால் விஷயம் வேறு.

பழுது எப்படித் தெரியும்?

முன்னால் நீண்டிருக்கும் பால்கனியைத் தாங்கும் முக்கியக் கம்பி, ஸ்லாப்பின் மேல்பக்கத்தில் இருக்கிறது. மேலே தண்ணீர் தேங்கி விரிசல் வழியாக இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு உப்பும்போது கான்கிரீட்டைப் பிளந்துவிடும். பால்கனி சுவரோடு சேரும் இடத்தில் மேல்தளத்தில் நீளவாக்கில் விரிசல், அடியில் பழுப்புக் கறை, முனை லேசாகத் தொங்குவது ஆகியவை அபாய அறிகுறிகள். பலரும் கொத்தனாரைக் கூப்பிட்டு அடியில் பூசி, பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். அது கறையை மறைக்குமே தவிர, கம்பியைக் காப்பாற்றாது. போர்டில் பார்க்க வேண்டியது சுவரில் பதித்த போல்ட்டுகளை.

இடிக்கும்போது?

2023 ஜனவரியில் சென்னை அண்ணா சாலையில் பழைய கட்டடத்தை இடித்தபோது சுவர் நடைபாதையில் விழுந்து, அவ்வழியே நடந்து சென்ற இளம் ஐ.டி. ஊழியர் உயிரிழந்தார். கட்டடத்தை இடிக்கும்போதோ பழுது பார்க்கும்போதோ அலட்சியமாக இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 290-வது பிரிவின்படி குற்றம். அலட்சியத்தால் உயிர் போனால், 106-வது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை.

அடிபட்டவர் செய்ய வேண்டியது

இடிபாடுகளை அள்ளுவதற்கு முன் போட்டோ, வீடியோ எடுத்துவிடுங்கள். துருப்பிடித்த கம்பியும் உதிர்ந்த சாந்தும்தான் சாட்சி. மறுநாள் அவை இருக்காது. ஆஸ்பத்திரியில் காயம் எப்படி ஏற்பட்டது என்பதைப் பதியச் சொல்லுங்கள், போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். போலீஸ் வழக்கு தனி, இழப்பீடு கேட்கும் சிவில் வழக்கு தனி. மரணம் என்றால் இழப்பீட்டு வழக்கை இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும்.

ஆனால் இதெல்லாம் விழுந்த பிறகு. ஆபத்தான கட்டடத்தைச் சரிசெய்ய அல்லது இடிக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் நகராட்சி ஆணையருக்கு இருக்கிறது. ரோட்டுக்கு மேல் பால்கனி நீட்டியிருக்கும் பழைய கட்டடங்களைப் பட்டியல் எடுத்து, பருவமழைக்கு முன் பொறியாளர் சோதித்த சான்றை உரிமையாளரிடம் கேட்பது நகராட்சிக்குப் பெரிய வேலை இல்லை. அந்தச் சான்று இருந்தால் பிறகு கோர்ட்டில் ஓனருக்கும் பதில் இருக்கும்.