பின்பாதியில் வேகம்

ஓட்டப் பந்தயம் என்றவுடன் துப்பாக்கி வெடித்த கணத்திலேயே பாய்ந்து ஓடுவதே வீரம் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். 2023-ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானில் கென்யாவின் கெல்வின் கிப்டும் என்ற இளைஞர் செய்தது வேறு. முதற்பாதியை 61 நிமிஷம் 40 வினாடியிலும், பின்பாதியை 59 நிமிஷம் 45 வினாடியிலும் ஓடினார். அதே ஆண்டு சிகாகோவில் 60:48, 59:47 என்று ஓடி, அந்நாளைய உலக சாதனையை முறியடித்தார். ஆனால் அவர் முறியடித்த அச்சாதனையை 2022-இல் பெர்லினில் நிலைநாட்டிய கிப்சோகே, முதற்பாதியையே விரைந்து 59:51-இல் ஓடியவர். ஆகவே இது ஒன்றே வழி என்று நாம் சாதிக்கமாட்டோம்.

நம் திமிரியிலிருந்து ஆர்க்காட்டுச் சாலையில் 5 கிலோமீட்டர் சென்று திரும்பும் ஒருவர், 10 கிலோமீட்டரை 50 நிமிஷத்தில் முடிக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி, கிலோமீட்டருக்கு 5 நிமிஷம். முதல் கிலோமீட்டருக்கு 5:12 கொடுக்கட்டும். அடுத்த நான்கும் 5:02 வீதம். திரும்புமிடத்தில் கடிகாரம் 25:20 காட்ட வேண்டும். பிறகு மூன்று கிலோமீட்டர் 4:58 வீதம், கடைசி இரண்டும் 4:53 வீதம், பின்பாதி 24:40. கூட்டினால் சரியாக 50 நிமிஷம். இரு பாதிகளுக்கும் இடையே வித்தியாசம் 40 வினாடிதான்! 200 மீட்டர் சுற்றுள்ள மைதானத்தில் பழகுவோருக்குக் கணக்கு இன்னும் எளிது: சராசரிச் சுற்று ஒரு நிமிஷம், முதல் கிலோமீட்டரில் சுமார் 62 வினாடி, கடைசியில் 59-க்குச் சற்றுக் குறைவு.

சிரமம் முதல் கிலோமீட்டரில்தான். உடல் களைப்பறியாத அந்நேரத்தில் 4:40 ஓடுவதும் இலேசாகவே தோன்றும். அவ்வாறு திட்டத்திற்கு மேல் சம்பாதித்த 32 வினாடியும் பெரும்பாலும் ஏழாவது எட்டாவது கிலோமீட்டரில் வட்டியுடன் பறிபோகும். தசைகளில் சேர்த்துவைத்த சர்க்கரை வேகம் மிகுந்தால் விரைவில் கரைகிறது, உடலின் சூடும் முன்னதாகவே ஏறிவிடுகிறது. மூன்றாவது கிலோமீட்டரில் பக்கத்தில் ஓடுபவரிடம் சிறு வாக்கியமாவது பேச முடிகிறதா என்று பார்க்கலாம். மூச்சு இரைத்து ஒற்றைச் சொல்லே வருமாயின் வேகம் அதிகம். மாறாக, கடைசிக் கிலோமீட்டரை 4:30-இல் ஓட முடிந்தால், முன்பாதியில் அநாவசியமாகத் தயங்கினார் என்றே பொருள்.

நம் பக்கத்து வெயிலுக்கும் இடம் கொடுக்க வேண்டும். கோடையில் ஏழு மணிக்குப் புறப்பட்டால் பின்பாதி முழுதும் ஏறுகின்ற சூட்டில் கழியும்; அப்போது மேற்சொன்ன வித்தியாசம் கைகூடுவது அரிது. பொழுது விடியும்போதே புறப்படுதல் நலம். திரும்பி வரும்போது எதிர்க்காற்றாயின், கடிகாரத்தைப் பாராமல் மூச்சின் அளவையே நம்பி ஓடுவது மேல்.