‘இல்லை’ என்பதை எழுதும் முறை

ஊரிலிருந்து கடன் கேட்கும் உறவினருக்குப் “பார்க்கலாம்” என்று விடை கூறுவது நம்மவர் பலருக்கும் வழக்கம். இல்லையென்று சொல்ல வாய் வருவதில்லை; தருகிறோம் என்று சொல்லக் கையில் பணமில்லை. சொல்பவர் அதனை மறுப்பு என்று எண்ணிச் சொல்கிறார். கேட்பவரோ அதனைப் பாதி வாக்குறுதியாக எடுத்துக் கொள்கிறார். இப்பிழையை நாமே செய்து, அதன் விளைவையும் கண்டோமாதலால், இம்மாதம் இதைப் பற்றி எழுதுகிறோம்.

2024-ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்தில், இரயில்வே ஊழியர்களுக்கு 78 நாள் போனஸ் என்ற செய்தி பத்திரிகைகளில் வந்தது. இந்தப் போனஸ் மாதச் சம்பளம் 7,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கணக்கிடப்படுவது. உண்மைச் சம்பளம் எவ்வளவாயினும் 17,951 ரூபாய்க்கு மேல் அவ்வாண்டு எவருக்கும் வரவில்லை. ஊரிலிருப்போர்க்கு இந்தக் கணக்கு தெரிய வழியில்லை. இரண்டரை மாதச் சம்பளம் மொத்தமாக வருகிறது என்றே அவர்கள் எண்ணினர். அவ்வாறு எண்ணிய நம் சிற்றப்பா ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மகளுக்குத் தையில் திருமணம். ஒரு லட்சம் ரூபாய் குறைகிறது. ஓராண்டில் திருப்பித் தருவதாகச் சொன்னார். “பார்க்கலாம் சித்தப்பா” என்று நாம் விடையளித்தோம்.

அவர் ஊரில் ஒரு சீட்டுக் கட்டி வந்தார். ஐப்பசி ஏலத்தில் அதனை எடுத்திருக்கலாம். தள்ளுபடி போனாலும் தேவையின் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்திருக்கும். நம் பணம் வருமென்று நம்பி அவர் ஏலம் கேட்கவில்லை. வேறொருவர் எடுத்துக் கொண்டார். மார்கழியில் நாம் இயலாது என்று சொன்னபோது, அவர் மூன்று வட்டிக்குக் கடன் வாங்க நேர்ந்தது. லட்சத்துக்கு மாதம் 3,000 ரூபாய் வட்டி, ஓராண்டில் 36,000. திருமணத்தின்போது அவர் நம்மைத் தனியே அழைத்து, “நீ இல்லையென்றது எனக்கு வருத்தமில்லை தம்பி. புரட்டாசியிலேயே சொல்லியிருந்தால் சீட்டை எடுத்திருப்பேனே” என்றார். அந்தச் சொல் இன்றும் நம் நெஞ்சில் நிற்கிறது. கொடுக்காதது நம் பிழையன்று. மூன்று மாதம் காக்க வைத்ததே பிழை.

அன்று நாம் எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது:

“அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம். தங்கையின் திருமணம் நிச்சயமான செய்தி கேட்டு நாங்கள் எல்லோரும் மிகவும் மகிழ்ந்தோம்.

தாங்கள் கேட்ட ஒரு லட்சம் ரூபாயை என்னால் கொடுக்க இயலாது. வீட்டுக் கடன் தவணை 2031 வரை மாதந்தோறும் என் சம்பளத்திலிருந்து போகிறது. எஞ்சுவது குடும்பச் செலவுக்குச் சரியாக இருக்கிறது. தை மாதத்துக்குள் இந்த நிலை மாறாது. ஆகையால் என் பணத்தை எதிர்பாராமல் தாங்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டுகிறேன். தங்களுக்கு அவகாசம் வேண்டும் என்பதற்காகவே உடனே எழுதுகிறேன்.

தங்கைக்கு அண்ணன் சீராகப் பத்தாயிரம் ரூபாய் கார்த்திகையில் அனுப்புகிறேன். இது கடன் அன்று. திருமணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து, பந்தி வேலையை நான் பார்த்துக் கொள்கிறேன்.

சித்திக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மகன்.”

இக்கடிதத்தில் உயிரான வாக்கியம் “என்னால் கொடுக்க இயலாது” என்பது. அதனுடன் ‘இப்போதைக்கு’ என்ற சொல்லைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘இப்போதைக்கு இயலாது’ என்றால், அடுத்த மாதம் இயலும் என்றே படிப்பவர் பொருள் கொள்வார், மீண்டும் கேட்பார். இரண்டாம் முறை கேட்பது அவருக்கும் வெட்கம். மறுப்பது நமக்கும் வெட்கம். ‘முயன்று பார்க்கிறேன்’ என்பதும் அத்தகையதே. மறுப்பு ஒரே முறை, ஐயத்துக்கு இடமின்றி இருந்தால் அந்த வெட்கம் இருவருக்கும் ஒரு முறையோடு முடியும்.

அடுத்தது காரணம். காரணம் ஒன்றே போதும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, மருத்துவச் செலவு என்று வரிசையாக எழுதினால், படிப்பவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி சொல்லத் தொடங்குவார். கூறும் காரணம் உண்மையாகவும், நாள் கடந்தாலும் பொய்யாகாததாகவும் இருக்க வேண்டும். ‘கையில் காசே இல்லை’ என்று எழுதிவிட்டு, பொங்கலுக்குப் புதிய ஸ்கூட்டர் வாங்கி, அதன் படத்தை உறவினர்க்கெல்லாம் அனுப்பும் குடும்பங்கள் உண்டு. அப்போது உறவினரை வருத்துவது பணம் மறுக்கப்பட்டதன்று, பொய் சொல்லப்பட்டதே. ‘வீட்டில் அவள் ஒப்பவில்லை’ என்று மனைவியின் மேல் பழியைப் போடுவோரும் உண்டு. கணவர் அந்தச் சங்கடத்தை ஒரு நாளில் மறந்துவிடுவார். அந்த அம்மாளோ புகுந்த வீட்டாரிடம் ஆயுள் முழுவதும் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, நாம் கொடுக்கக் கூடியதைத் தொகையோடும் மாதத்தோடும் எழுதுவது. ‘என்னால் ஆனதைச் செய்கிறேன்’ என்று எழுதினால், கேட்ட ஒரு லட்சத்தில் ஒரு பகுதி வரும் என்று மறுபடியும் ஒரு நம்பிக்கை பிறக்கும். பத்தாயிரம் என்று சொல்லிவிட்டால் அவர் அதை வைத்துக் கணக்குப் போடலாம். அது சீரே, கடன் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிடில் அதனையும் திருப்ப வேண்டுமோ என்று அவர் குழம்புவார். ஒன்றும் கொடுக்க வசதியில்லாதவர் இந்தப் பத்தியில் பந்தி வேலையை மட்டும் எழுதினாலும் குறைவில்லை.

கடிதத்தில் இல்லாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். செலவைக் குறைத்துக் கொள்ளுங்கள், மண்டபம் எதற்கு, கோயிலில் தாலி கட்டினால் போதாதா என்ற அறிவுரை அதில் இல்லை. பணம் கொடாதவர் சொல்லும் அறிவுரை எவ்வளவு நல்லதாயினும் கேட்பவர்க்குக் குத்தலாகவே படும். அவரே யோசனை கேட்டால் அப்போது சொல்லலாம்.

தொலைபேசியில் கேட்டவருக்கு எழுத்தில் ஏன் விடை என்று சிலர் வினவலாம். பெரியவரின் குரலைக் கேட்டவுடன் நம் நாக்கு தானாகவே ‘பார்க்கலாம்’ என்றுவிடும். எழுத்தில் அந்த ஆபத்து குறைவு. அவர் கேட்கும்போது, “இரண்டு நாளில் கணக்குப் பார்த்து முடிவாக எழுதிவிடுகிறேன்” என்று சொன்னால் போதும். ஆனால் இரண்டு நாள் என்றது இரண்டு நாளாகவே இருக்க வேண்டும். தபாலில் போய்ச் சேரத் தாமதமாகுமாதலால், கைப்பேசியிலேயே செய்தியாக அனுப்பலாம். குடும்பத்தார் அனைவரும் படிக்கும் குழுவில் மட்டும் இடலாகாது. கடன் கேட்டது அவருக்கும் நமக்கும் இடையிலான செய்தி. மறுநாள் மாலை ஒரு முறை அழைத்துத் திருமண வேலைகளைப் பற்றிப் பேசுவது நல்லது. எழுத்தின் கடுமை அதனால் தணியும்.

மருத்துவமனையிலிருந்து வரும் அவசரக் கோரிக்கைக்கு இம்முறை பொருந்தாது. அங்கே இரண்டு நாள் என்பதற்கு இடமில்லை. எவ்வளவு இயலும், எவ்வளவு இயலாது என்பதை அந்த அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கும் ‘பார்க்கலாம்’ என்ற சொல் வேண்டாம்.