கறுப்புச் சாயமும் அந்த அரை மணி நேரமும்

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலைக்கு டை அடிக்கும் நாள். ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷமாச்சு, இனி யாருக்குக் காட்ட இந்தக் கறுப்பு என்று என் வீட்டம்மா கேட்பதுண்டு. யாருக்கும் இல்லை, கண்ணாடிக்குத்தான் என்பேன். அந்த விவாதம் எங்கள் வீட்டில் முடிவதாக இல்லை. இன்று சொல்ல வந்தது தலையைப் பற்றியல்ல. தலையை விட்டு வேறு இடங்களில் ஏறிக்கொள்ளும் டையைப் பற்றி.

சென்ற மார்கழியில் மகன் வீட்டில் பத்து நாள் இருந்தோம். வாடகை ஃப்ளாட். குளியலறை முழுக்க வெள்ளை டைல்ஸ். மகனும் மருமகளும் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குக் கிளம்பிப் போக, வீட்டம்மாவும் கூடப் போய்விட்டாள். இதுதான் சமயம் என்று கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் எடுத்தேன். அடித்து முடித்து, கழுத்தில் மாட்டியிருந்த துண்டோடு ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். அட்டையில் முப்பது நிமிடம் என்று போட்டிருந்தது. நான் நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன். தலையங்கம் கொஞ்சம் நீளம்.

திரும்பி வந்து லைட்டைப் போட்டால், சுவரில் ஏழெட்டுப் புள்ளிகள். வாஷ்பேசினுக்குக் கீழே இரண்டு டைல்ஸ் சேரும் இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. கழுத்துத் துண்டைப் பார்த்தேன். வீட்டுப் பழைய துண்டு என்று நினைத்து எடுத்தது மருமகளின் க்ரீம் கலர் டர்க்கி டவல்! பனியன் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் நான் செய்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. முதலில் சோப்பு போட்டுத் தேய்த்தேன். அசையவில்லை. ப்ளீச் திரவம் பாட்டில் இருந்தது. கோட்டின் மேல் அப்படியே ஊற்றினேன். ஐந்து நிமிடம் பார்த்தேன், லேசாக வெளுத்த மாதிரி இருந்தது. பொறுமை போய்விட்டது. பக்கத்தில் டாய்லெட் கழுவும் ஆசிட் பாட்டில். இரண்டும் சேர்ந்தால் இன்னும் வேலை செய்யும் என்று எந்தப் புத்தியில் நினைத்தேனோ, அதையும் அதே இடத்தில் ஊற்றினேன். நீச்சல் குளத்து வாடை நூறு மடங்காக மூக்கில் ஏறியது. கண் எரிந்து, தொண்டை அடைத்து, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தேன். ப்ளீச்சில் அமிலம் பட்டால் குளோரின் வாயு வரும். பள்ளிக்கூட வேதியியலில் படித்ததுதான், அறுபத்தேழு வயதில் மறந்துபோயிற்று. எக்ஸ்ஹாஸ்ட் ஸ்விட்ச் வெளியே இருந்தது நல்லதாகப் போயிற்று. அதைப் போட்டு, ஹால் ஜன்னல்களைத் திறந்து, பால்கனியில் போய் நின்றேன். வாடை அடங்கும் வரை உள்ளே போகவில்லை. தலையில் டை அப்படியே! ராத்திரி வரை இருமல் இருந்தது. மூச்சு வாங்கியிருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். சிறிய குளியலறை, கதவைச் சாத்திக்கொண்டு, என் வயசுக்காரர்கள் செய்யும் காரியம் இது. அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

மறுநாள் என் மைத்துனனுக்குப் போன் போட்டேன். திருப்பூரில் முப்பது வருஷம் டையிங் மாஸ்டராக இருந்தவன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான். "மாமா, நீங்க கறைன்னு சொல்றீங்க. எங்க பாஷையில அது கறை இல்ல, சாயம் ஏத்துறது. முடிக்கு ஏறின மாதிரியே துண்டுக்கும் ஏறியிருக்கு. அதுக்குத்தான நாப்பது நிமிஷம் குடுத்தீங்க?"

அவன் விளக்கியது இதுதான். ட்யூபில் இருந்து வரும்போது டையில் அவ்வளவு நிறம் கிடையாது. அதிலுள்ள பி.பி.டி. போன்றவை நிறமில்லாத, மிகச் சிறிய மூலக்கூறுகள். இரண்டாவது ட்யூபில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்ததும் அவை முடிக்குள் புகுந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிய கறுப்பு மூலக்கூறுகளாகின்றன. நுழைந்த வாசல் வழியாக வெளியே வர முடியாத அளவுக்குப் பெரிசு. அதனால்தான் ஷாம்பூ போட்டாலும் போவதில்லை. பருத்தி நூலுக்குள்ளும் டைல்ஸ் இடுக்கின் சிமெண்ட் துளைகளுக்குள்ளும் இதே கதைதான். குடைத் துணிக்கு அந்தக் காலத்தில் போட்ட அனிலின் பிளாக் என்ற கறுப்பும் இப்படித்தான், துணியிலேயே வைத்து ஆக்சிஜன் ஏற்றிக் கறுப்பாக்குவார்களாம்.

இதைக் கேட்டதும் எனக்குப் பளிச்சென்று ஒன்று புரிந்தது. முடியில் நிறம் ஏற நாம் காத்திருக்கும் அரை மணியும், சுவரில் சாயம் பிடிக்கும் அரை மணியும் ஒரே அரை மணி. நாம் எல்லோரும் தலையைக் கழுவிவிட்டு, கடைசியில்தான் குளியலறையைக் கழுவுகிறோம். வரிசையே தப்பு. டை அடித்த உடனே, பேப்பரைத் தொடுவதற்கு முன், ஈரத்துணியும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விடும் எடுத்துச் சுவர், வாஷ்பேசின், குழாய்ப்பிடி எல்லாவற்றையும் ஒரு சுற்று துடைத்துவிட வேண்டும். கையுறையைக் கழற்றுவதற்கு முன்பே. இரண்டு நிமிட வேலை. இப்போது மூன்று மாதமாக அப்படித்தான் செய்கிறேன். ஒரு புள்ளி இல்லை.

சரி, உலர்ந்தே போய்விட்டது, என்ன செய்வது? முதலில் அது எதன் மேல் இருக்கிறது என்று பாருங்கள். பளபளப்பான டைல்ஸ் மேல் கண்ணாடிப் பூச்சு இருக்கிறது. சாயம் அதற்குள் போக முடியாது, மேலே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைஸர் இன்னும் எல்லா வீட்டிலும் ஒரு பாட்டில் கிடக்கிறது. அதைப் பஞ்சில் நனைத்து ஒரு நிமிடம் புள்ளி மேல் வைத்துத் துடைத்தால் வந்துவிடும். என் ஏழெட்டுப் புள்ளிகளும் அப்படித்தான் போயின. (கேஸ் கீசர் எரியும்போது வேண்டாம்.) நகப் பாலிஷ் ரிமூவரும் கேட்கும். ஆனால் சில வகைப் பிளாஸ்டிக் மேல் பட்டால் அவை இளகிப் பாழாகும்.

இடுக்கு வேறு சமாசாரம். அது சிமெண்ட், குடிக்கும். சோதிக்க ஒரு வழி: வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேயுங்கள். துணியில் கறுப்பு வந்தால் இன்னும் மேலாக இருக்கிறது, தேய்த்துக்கொண்டே போகலாம். துணி வெள்ளையாகவே இருந்தால் உள்ளே இறங்கிவிட்டது, இனி உங்கள் கை பலத்தால் ஒன்றும் ஆகாது. என் கோடு இரண்டாவது ரகம். மைத்துனன் சொன்னபடி, எல்லாவற்றையும் பல வாளித் தண்ணீர் விட்டு அலசி, ஒரு நாள் காய விட்டபின், சமையல் சோடாவில் மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடை விட்டுக் குழைத்துக் கோட்டின் மேல் அப்பினேன். அரை மணி கழித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். மூன்று நாள் இப்படி. கறுப்பு போய் மங்கலான சாம்பல் மிஞ்சியது. அதற்கு மேல் போகவில்லை. அந்த இடுக்கைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவதுதான் மிச்ச வழி.

இங்கே ஒரு வேடிக்கை. பெராக்சைடுதான் நிறத்தை உண்டாக்கும் சாமானும். ஈரமாக இருக்கும் புதுக் கறையில் அதை ஊற்றினால் கறுப்பு இன்னும் வேகமாக ஏறும். பழைய, முற்றிய கறைக்கு மட்டுமே அது மருந்து.

ப்ளீச்சை நான் ஒதுக்கவில்லை. வெள்ளை டைல்ஸுக்கு அது நல்ல சாமான்தான், பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, அது ஒன்றை மட்டும். பல டைகளில் அமோனியா இருக்கும், அதனோடும் ப்ளீச் சேரக் கூடாது. ஆகவே முதலில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் எலுமிச்சை, வினிகர் வைத்தியங்கள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. முற்றிய டையை அவை ஒன்றும் செய்வதில்லை. மார்பிள் தரையாக இருந்தால் அதை அரிக்கும். ப்ளீச் பட்ட இடத்தில் ஊற்றினால் என் கதைதான்.

துணிக்கு வருகிறேன். பனியன் சுத்த வெள்ளைப் பருத்தி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி ப்ளீச், பத்து நிமிடம் ஊறல். கறுப்பு மஞ்சள் பழுப்பாயிற்று, அவ்வளவுதான். சட்டைக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? பட்டிலும் கம்பளியிலும் இதைச் செய்யவே கூடாது, நாரே கெட்டுவிடும். கலர்த் துணியில் போட்டால் கறையோடு துணியின் சொந்தக் கலரும் போகும். அதனால் மருமகளின் துண்டுக்கு ஆக்சிஜன் ப்ளீச் பவுடர் வாங்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற வைத்தேன். காலையில் கறுப்பு, டீக்கறை அளவுக்கு இறங்கியிருந்தது. இன்னொரு ராத்திரி ஊறியும் அங்கேயே நின்றுவிட்டது. டர்க்கி டவலில் நூல் சுருள்கள் இருக்கிறதே, ஒவ்வொன்றும் ஒரு முடி மாதிரி சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

பட்ட உடனே என்றால் நிலைமை வேறு. கறையின் பின்பக்கத்தில் இருந்து பச்சைத் தண்ணீர்க் குழாயில் காட்ட வேண்டும். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். முழுதாகப் போகும் வரை வெயிலிலும் போடாதீர்கள், இஸ்திரியும் போடாதீர்கள், சூடு கறையை இறுக்கிவிடும். இன்னொன்று, பாதித் துண்டுக் கறைகள் டை அடிக்கும்போது வருவதில்லை, குளித்துவிட்டுத் துவட்டும்போது வருகின்றன. தலையை அலசும் தண்ணீர் நிறமில்லாமல் விழும் வரை துண்டைத் தொடக் கூடாது.

என் அபிப்பிராயம் என்னவென்றால், துண்டைக் காப்பாற்றப் பாடுபடுவது வீண். சுவருக்கு வைத்தியம் உண்டு, துண்டுக்குப் பாதிதான் உண்டு. அதற்கு ஆகும் பவுடர் செலவில் ஒரு கறுப்புத் துண்டே வாங்கிவிடலாம்.

மருமகளிடம் நானே சொல்லிவிட்டேன். ஆசிட் விஷயத்தைக் கேட்டதும்தான் அவளுக்கு முகம் மாறியது. "டவல் கிடக்கட்டும் மாமா, தனியா இருக்கிறப்ப இதெல்லாம் பண்ணாதீங்க" என்றாள். மகன், வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடிப்பாரோ என்று அந்தச் சாம்பல் கோட்டைக் குனிந்து பார்த்தான். கொத்தனாரைக் கூப்பிடச் சொல்லிப் பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஊருக்குக் கிளம்பும்போது பையில் ஒரு பொட்டலம். பிரித்துப் பார்த்தால் அடர் மெரூனில் ஒரு துண்டு. கறுப்பு கடையில் இல்லையாம்.