"அது ஏஐ போட்டது" என்று சொல்லித் தப்ப முடியாது



பெருநாள் கிட்டவரும்போது ஊர் வாட்ஸ்அப் குழுமங்கள் கடை விளம்பரங்களால் நிறைந்துவிடும். இப்போது அவற்றில் பாதி ஏஐ செய்தவை. அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. போஸ்டருக்குக் காசு கொடுக்க முடியாத சின்னக் கடைக்கு அது பெரிய உதவி. ஆனால் பொய் வெளியே போய், யாராவது கேட்டால் "அது ஏஐ போட்டது சேர், நாங்க போடல்ல" என்கிறார்களே, அதுதான் எனக்கு ஏற்றுக்கொள்ள முடியாதது.

ஓர் உதாரணம் எடுப்போம். ஒரு கடை பெருநாளைக்கு சஹன் விற்கிறது. ஆறு பேருக்கு ஒரு சஹன், ஒரு முழுக்கோழி, ஆறு கப் வட்டிலப்பம். இரண்டு நாளைக்கு முன் ஓடர் தர வேண்டும். ஊருக்குள் மட்டும் டெலிவரி. கடைக்காரர் ஏஐயிடம் "பெருநாள் சஹனுக்கு நல்ல விளம்பரம் எழுது, படமும் போடு" என்று ஒரு வரி கொடுக்கிறார். வருவது என்ன? "தீவு முழுவதும் இலவச டெலிவரி." "ஹலால் சான்றிதழ் பெற்றது." படத்தில் கோழி மலைபோல் குவிந்திருக்கும், மேலே முந்திரி, அவித்த முட்டை. மூலையில் பச்சை வட்ட முத்திரை. அதற்குள் அரபு போலத் தெரியும், ஆனால் எந்த எழுத்துமே இல்லாத கிறுக்கல்.

ஏன் இப்படி? அந்தக் கருவி உங்கள் கடையைப் பார்த்ததில்லை. சாப்பாட்டு விளம்பரங்களில் வழமையாக என்ன வருமோ அதைக் கோர்த்துத் தருகிறது. நீங்கள் சொல்லாத இடத்தை அதுவே நிரப்பும்.

அந்த முத்திரையைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். உங்கள் சாப்பாடு ஹலாலாக இருக்கலாம். அது ஒரு விஷயம். சான்றிதழ் பெற்றிருப்பது வேறு விஷயம். இங்கே ஹலால் தரச்சான்றுப் பேரவை போன்ற ஒரு நிறுவனம் பரிசோதித்துக் கொடுத்தால் மட்டுமே அந்த வார்த்தையை எழுதலாம். வாங்காத சான்றிதழைப் படத்தில் போட்டால் அது பொய். எங்கள் மார்க்கத்தின் பெயரால் சொல்லும் பொய்.

சட்டமும் இதைச் சும்மா விடாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம், 31ஆம் பிரிவுகள் ஏமாற்றும் நடத்தையையும் பொய்யான கூற்றுகளையும் தடைசெய்கின்றன. அங்கே பொறுப்பு வியாபாரிக்கு. முறையிட 1977 என்ற இலக்கம் இருக்கிறது.

அப்படியென்றால் என்ன செய்வது?

முதலில், கருவியைத் திறக்க முன் ஒரு தாளில் உண்மைகளை எழுதுங்கள். விலை, அளவு, எத்தனை பேருக்கு, எதுவரை டெலிவரி, ஓடர் கடைசி நாள், தொலைபேசி இலக்கம். அந்தத் தாளையே கருவிக்குக் கொடுங்கள். விளம்பரம் வந்த பிறகு, ஒவ்வொரு வசனத்துக்கும் தாளில் எந்த வரி ஆதாரம் என்று விரல் வைத்துப் பாருங்கள். ஆதாரம் இல்லாத வசனத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வெட்டுங்கள்.

இரண்டாவது, சாப்பாட்டை உங்கள் கைத்தொலைபேசியால் எடுங்கள். பின்னணியை மட்டும் கருவி மாற்றட்டும். எழுத்தையும் படத்துக்குள் எழுதச் சொல்லாதீர்கள். அங்கே தமிழின் புள்ளியும் கொம்பும் அடிக்கடி இடம் மாறும், காணாமலும் போகும். படம் தனியே வரட்டும். தமிழை நீங்கள் தட்டச்சு செய்து மேலே வையுங்கள். சிங்களத்திலும் போடுவதென்றால் சிங்களம் நன்றாக வாசிக்கும் ஒருவருக்குக் காட்டாமல் விடாதீர்கள்.

மூன்றாவது, இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். முகநூலில் காசு கட்டி விளம்பரம் போடும்போது 4 தலைப்பு, 3 வாசகம், 5 படம் கொடுத்தால், அவை கலந்து 60 விதமாக வரலாம். தனித்தனியே 12 துண்டும் சரியாக இருக்கும்; சேரும்போது பிழைக்கும். கழிவு கோழிச் சஹனுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "500 ரூபா கழிவு" என்ற தலைப்பு மாட்டிறைச்சிச் சஹன் படத்தோடு சேர்ந்தால்? வாங்க வருகிறவர் கடையில் சண்டை பிடிப்பார், நியாயம் அவர் பக்கம். ஆகவே ஒவ்வொரு தலைப்பும் எந்தப் படத்தோடு சேர்ந்தாலும் உண்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தனி விளம்பரமாகப் போடுங்கள். Advantage+ creative என்ற பகுதியையும் திறந்து பாருங்கள். நீங்கள் கேட்காத மாற்றங்கள் அங்கே இயங்கும் நிலையில் இருக்கலாம். வேண்டாததை நிறுத்துங்கள்.

கடைசியாக, விளம்பரத்தைச் செய்யாத ஒருவர் அதைத் தொலைபேசித் திரையில் சத்தமாக வாசிக்கட்டும். செய்தவரின் கண் தன் பிழையைத் தாண்டிப் போகும். அவர் அந்த இலக்கத்துக்கு ஒரு கோலும் எடுக்கட்டும். பிறகு தாளின் அடியில் "பார்த்தேன்" என்று கையொப்பம் வைக்கட்டும்.

"இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பீர்கள். நாள் முழுக்க எடுக்கும் போஸ்டர் வேலையைக் கருவி சில நிமிடத்தில் முடித்துத் தருகிறது. மிச்சமான நேரத்தில் அரை மணித்தியாலத்தை உண்மைக்குக் கொடுக்க முடியாதா?

தராசில் நிறுத்துக் கொடுக்கும்போது "தராசு பிழை" என்று சொன்னால் நீங்கள் விடுவீர்களா? தராசைச் சரிபார்ப்பது கடைக்காரர் வேலை. இதுவும் அப்படித்தான்.

கடை வைத்திருக்கும் உங்கள் சொந்தக்காரர் ஒருவருக்காவது இதை அனுப்புங்கள்.